வாடகைக்கு வீடு கேட்டவரிடம் மறுப்புச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் 12,000 ரூபாய் வாடகைக்கு ஒரு முதல் மாடி போர்ஷன் காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் குடும்பத்தோடு வந்து பார்த்துப் பிடித்துப்போய்க் கேட்கிறார். ஆனால் அவரால் அடுத்த மாதக் கடைசியில்தான் குடிவர முடியும். பிறகு வந்த குடும்பமோ வரும் 1ஆம் தேதியே வரத் தயாராக இருப்பதால், உரிமையாளர் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறார்.

இதை நேராகச் சொல்லத் தயங்கி, "அக்கா மகள் குடிவருகிறாள்" என்று சொல்லிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. வாசலில் 'டு லெட்' பலகை தொங்கிக்கொண்டிருக்க, தெருமுனை டீக்கடையில் உண்மை தெரிந்துவிட்டால், தம் தொழிலுக்காகவோ சாதிக்காகவோ மதத்துக்காகவோதான் வீடு மறுக்கப்பட்டது என்று அவர் முடிவுகட்டுவார். பொய் சொன்ன பிறகு அதை மறுக்க உரிமையாளருக்கு வாயில்லை.

புரோக்கர் மூலம் சொல்லி அனுப்புவதும் ஆபத்தானது. "ஓனருக்கு உங்க வீட்டு மீன் வாசம் ஒத்துவராதாம்" என்று அவர் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டால், அந்தப் பழி உரிமையாளர் மீதே விழும். ஆகவே அன்று மாலையே நேரில் பேசுங்கள், முடியாவிட்டால் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "வணக்கம் சார். வீட்டை வந்து பார்த்ததற்கு நன்றி. 1ஆம் தேதியே குடிவரக்கூடிய ஒருவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்பதால் உடனே தெரிவிக்கிறேன்." காரணம் ஒன்றே போதும், இரண்டாவதைச் சேர்த்தால் முதலாவதும் சாக்காகத் தோன்றும். மனத்தில் எண்ணமில்லாமல் "அடுத்து காலியானால் சொல்கிறேன்" என்று எழுதவும் வேண்டாம்.

இன்னொன்று, வீட்டைக் காட்டும்போதே "நீங்கள் என்ன ஆளுங்க?" "வீட்டில் கறி, மீன் சமைப்பீர்களா?" என்று கேட்டுவிட்டால், பிறகு எவ்வளவு நியாயமான காரணத்தைச் சொன்னாலும் அந்தக் கேள்விதான் அவர் நினைவில் நிற்கும். எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை வண்டி, அட்வான்ஸ் எப்போது என்பவற்றை மட்டும் எல்லோரிடமும் ஒரே மாதிரியாகக் கேளுங்கள். மறுப்புக்கு உண்மைக் காரணமே சாதியோ மதமோ என்றால், எந்தப் பணிவான வாசகமும் அதை நேர்மையாக்காது. மாற்ற வேண்டியது அந்த முடிவைத்தான்.

மற்றவரிடம் 36,000 கேட்டுவிட்டு, இவரிடம் மட்டும் ஒரு லட்சம் அட்வான்ஸ் கேட்டுத் தானாக விலகச் செய்வதும் மறைமுகமான மறுப்பே. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைதான் வரம்பு என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்கிறது.

டோக்கன் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் மறுப்பைச் சொல்லும் அன்றே முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆதார் நகலையும் அவரிடமே தந்துவிட்டு, அது வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழித்துவிட்டதாக ஒரு வரி தெரிவியுங்கள்.