பாதிப் பேர் ஜூமில் இருக்கும்போது பேச்சை எப்படி எழுதக் கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டத்தை எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். புதிதாகச் செயலாளர் ஆன தம்பி நாலு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு நிதானமாகத்தான் பேசினார். பத்தாவது நிமிடத்தில் லேசர் பாயின்டரை எடுத்தார். சுவரில் விழுந்த வரைபடத்தின் மேல் சிவப்புப் புள்ளியை ஆட்டி, "இந்த இடத்தைப் பாருங்க" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சங்கத்தில் இதே வார்த்தையைத்தான் நானும் சொன்னேன். அதற்கான பில் 72,000 ரூபாய்.

மியூட்டை எடுக்க மறப்பது, சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டு வருவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் திருந்திவிடும். நான் சொல்ல வருவது, கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு பேச்சை எழுதும்போதே காகிதத்தில் ஏறிவிடும் தவறுகள். மேடையில் நிற்கும்போது அவற்றைத் திருத்த முடியாது.

இந்த, அந்த, இங்கே

எங்கள் குடியிருப்பில் 80 வீடுகள். சம்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பழைய ஜி.ஐ. பைப் துருப்பிடித்துப் பல இடத்தில் கசிந்துகொண்டிருந்தது. மாற்றுவதற்கு ஒப்பந்தக்காரர் கொடுத்த விலை 6,40,000. வீட்டுக்கு 8,000 ரூபாய். விலை 15 நாளுக்குத்தான் செல்லும் என்று அவர் எழுதியே கொடுத்திருந்தார். எங்கள் விதிப்படி, கூட்டத்தில் கலந்துகொள்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தன்று ஹாலில் 40 பேர். ஜூமில் 25 பேர், பெரும்பாலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற வீட்டுக்காரர்கள். பிளம்பர் வரைந்து கொடுத்த படத்தை ஸ்லைடாகப் போட்டுவிட்டு, எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது:

> "இங்கேருந்து இங்கே வரைக்கும் மொத்தமா துருப்பிடிச்சிருக்கு. இதை மாத்தணும். அந்த வால்வு நல்லா இருக்கு, அதை விட்டுடலாம். இது பண்ணிட்டா அங்கே வர்ற பிரச்சினையும் தீர்ந்துடும்."

ஒவ்வொரு "இங்கே"வுக்கும் லேசர் புள்ளி சுவரில் சரியான இடத்தில் நின்றது. ஹாலில் எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் ஜூமுக்குப் போவது சுவர் இல்லை, லேப்டாப்பில் இருக்கிற ஸ்லைடு. சுவரில் ஆடும் புள்ளி அதில் வராது. துபாயில் உட்கார்ந்திருந்தவர் பார்த்தது அசையாத ஒரு படம்: நாலு கோடு, மூன்று வால்வு. காதில் விழுந்தது "இங்கேருந்து இங்கே வரைக்கும்". நான் கை நீட்டிக் காட்டியதும் அவருக்குப் பயன்படவில்லை. ஸ்லைடைப் பகிர்ந்த பிறகு பேசுகிறவரின் முகமே ஓரத்தில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும்.

போதாக்குறைக்கு, படத்தில் அந்தப் பைப் பி பிளாக் சுவரை ஒட்டி மேலே போகிறது. நான் வாயால் எதையும் பெயர் சொல்லாததால், இது பி பிளாக்குக்கு மட்டுமான வேலை என்று ஜூமில் இருந்த ஏ பிளாக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். "எந்த வால்வு?" என்று ஒருவர் சாட்டில் கேட்டும் இருக்கிறார். பார்க்க ஆள் போடவில்லை.

ஓட்டெடுப்பில் ஹாலில் 37 பேர் சரி என்றார்கள். ஜூமில் நாலே பேர். மொத்தம் 41, தேவைப்பட்டது 44. மூன்று ஓட்டில் தீர்மானம் விழுந்தது. மறுபடி அறிவிப்புக் கொடுத்துக் கூட்டம் போட 21 நாள் ஆனது. அதற்குள் விலையின் கெடு முடிந்து, ஒப்பந்தக்காரர் 7,12,000 என்றார். வீட்டுக்கு 900 ரூபாய் கூடுதல். இன்றைக்கும் லிஃப்டில் பார்க்கும்போது அந்த 900-ஐ நினைவுபடுத்துகிற ஒரு மாமி இருக்கிறார்.

இரண்டாம் கூட்டத்துக்கு அதே பத்தியை இப்படித் திருத்தி எழுதினேன்:

> "சம்பிலேருந்து மேல்நிலைத் தொட்டிக்குப் போற பைப் ஒண்ணே ஒண்ணுதான். படத்துல சிவப்புக் கோடு, எண் 1. அந்தத் தொட்டியிலேருந்துதான் ஏ, பி ரெண்டு பிளாக்குக்கும் தண்ணி இறங்குது. சிவப்புக் கோடு முழுசும், 38 மீட்டர், துருப்பிடிச்சுப் போச்சு, மாத்தணும். மொட்டைமாடியில இருக்கிற வால்வு, எண் 3, போன வருஷம் போட்டது. அது அப்படியே இருக்கட்டும்."

இதிலும் "அந்தத் தொட்டி" என்று ஒரு சுட்டு இருப்பதைக் கவனியுங்கள். அது தப்பில்லை. ஒரு நொடி முன்னால் வாயால் சொன்ன தொட்டியை அது சுட்டுகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர் எங்கே இருந்தாலும் புரியும். விரல் நுனியையும் லேசர் புள்ளியையும் நம்பி எழுதிய சுட்டுதான் ஆபத்து. எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து இந்த, அந்த, இது, அது, இங்கே, அங்கே, இப்படி எல்லாவற்றையும் வட்டமிடுவேன். ஒவ்வொன்றும் முன்னால் சொன்ன ஒரு சொல்லைச் சுட்டுகிறதா, ஹாலில் இருக்கும் ஒரு பொருளைச் சுட்டுகிறதா என்று பார்ப்பேன். பொருளைச் சுட்டினால் அடித்துவிட்டு அதன் பெயரை எழுதுவேன்.

படத்தில் எண் போடுவது இதற்குத்தான். எண் பெரிதாக இருக்கட்டும், ஒரு ஸ்லைடில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். பவர்பாயின்டில் ஸ்லைடு ஓடும்போது `Ctrl+L` அழுத்தினால் மவுஸே சிவப்புப் புள்ளியாகி இரண்டு பக்கமும் தெரியும், அது போதாதா என்று தம்பி கேட்டார். உதவும், ஆனால் அதை நம்பி எழுதக் கூடாது. ஆன்லைனில் வருபவர்களில் பலர் கைப்பேசியில் பார்க்கிறார்கள். சிலர் கார் ஓட்டிக்கொண்டே காதில் மட்டும் கேட்கிறார்கள்.

துருப்பிடித்த பைப் துண்டு ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டியதும் இதே ரகம்தான். ஹாலில் "அய்யய்யோ" என்றார்கள், ஜூமில் ஏதோ ஒரு கறுப்புக் குச்சி தெரிந்தது. அடுத்த முறை துண்டைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து ஸ்லைடில் வைத்தேன். "உள் வாய் பாதிக்கு மேல அடைஞ்சிருக்கு, விரல்கூட நுழையல" என்பதையும் எழுதி வாசித்தேன்.

பெயர் சொல்லி எழுதினால் பேச்சு நீளும். மூன்றரை நிமிடம் எடுத்த பகுதி ஐந்து நிமிடம் ஆனது. ஆரம்பத்தில் இருந்த நன்றிப் பட்டியலை வெட்டி ஈடுகட்டினேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நாங்களா, நாமா

தமிழ் நமக்கு இரண்டு சொல் கொடுத்திருக்கிறது. தம்பியின் தாளில் "நாங்க எல்லாரும் இங்கே பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டோம், ஆன்லைன்ல இருக்கிறவங்களும் சொல்லலாம்" என்று ஒரு வரி. அந்த "நாங்க" ஜூமில் இருப்பவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டது. காசு கொடுப்பது மட்டும் அவர்களும்தானே. "நாம" என்று மாற்றினால் பாதி சரியாகும். மீதிப் பாதி, அவர்களைக் கடைசியில் கூப்பிடும் வழக்கத்தை விடுவதில் இருக்கிறது.

கேட்டுவிட்டு மூன்று நொடி

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று எழுதி, அடுத்த வரியில் "சரி, அடுத்ததுக்குப் போவோம்" என்று எழுதியிருப்பார்கள். ஹாலில் கை தூக்க ஒரு நொடி போதும். ஆன்லைனில் இருப்பவர் மியூட் பொத்தானைத் தேடி, "ஹலோ, கேக்குதா" என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு ஸ்லைடு தாண்டியிருப்பீர்கள். எங்கள் கூட்டங்களில் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்: சாட்டில் முதல் கேள்வி வந்து விழ பதினைந்து, இருபது நொடி ஆகிறது. யூடியூப் நேரலை என்றால், அமைப்பைப் பொறுத்து, உங்கள் குரல் அவர்களை எட்டுவதே சில நொடியிலிருந்து அரை நிமிடம் வரை பிந்தும்.

சும்மா காத்திருந்தால் ஹாலில் இருப்பவர்கள் நெளிவார்கள். அதனால் அந்த இடைவெளியில் பேச வேண்டியதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்:

> "செலவைப் பத்தி உங்க கேள்வியை சாட்ல இப்பவே போடுங்க. நீங்க டைப் பண்றதுக்குள்ள, வேலை எத்தனை நாள்னு சொல்லிடறேன். நாலு நாள். ரெண்டாம் நாள் மட்டும் காலையில ஆறுலேருந்து மதியம் ரெண்டு வரைக்கும் தண்ணி வராது, முதல் நாள் ராத்திரியே டேங்கர் வந்துடும். சரி, சாட்ல என்ன வந்திருக்கு?"

மெதுவாகப் படித்தால் இருபது நொடி. கடைசி வாக்கியத்தை யாரைப் பார்த்துக் கேட்கிறேனோ அவர் பெயரைத் தாளின் ஓரத்தில் எழுதியிருப்பேன். சாட்டைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை கொடுப்பதில்லை. ஆன்லைன் கேள்வி முதலில், ஹால் கேள்வி அப்புறம்.

ஹாலில் வந்த கேள்வி

மைக் இல்லாமல் கேட்டால், திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில். "கேள்வியைத் திருப்பிச் சொல்" என்று தாளிலேயே எழுதுங்கள்.

சிரிப்பு

இரைச்சலைக் குறைக்கும் வசதியை ஜூம் தானாகவே போட்டு வைத்திருக்கிறது. ஹாலில் எழும் சிரிப்பையும் கைதட்டலையும் அது பெரும்பாலும் இரைச்சல் என்றே நினைத்து அமுக்கிவிடும். உங்கள் ஜோக்குக்குப் பிறகு ஆன்லைனில் இருப்பவருக்குக் கேட்பது மௌனம். சிரிப்பு அடங்கும்வரை நிற்பதாக எழுதினால், லைன் போய்விட்டதோ என்று ஒருவர் வெளியேறித் திரும்ப வருவார். எங்கள் கூட்டத்தில் அப்படி நடந்தது. எனக்கு அவ்வளவு நல்ல ஜோக் மறுபடி அமையவில்லை.

வீடியோ

பகிரும்போது `Share sound` என்ற கட்டத்தில் டிக் இல்லையென்றால் அவர்களுக்கு ஊமைப்படம்தான்.

போனில் வாசிக்காமல் மேடையேறுவது

கூட்டத்துக்கு முந்தின நாள் இரவு யாருக்காவது போன் போட்டு, முழுப் பேச்சையும் வாசித்துக் காட்டுங்கள். ஸ்லைடு அனுப்பக் கூடாது, வீடியோ கால் கூடாது. கேட்பவர் விஷயம் தெரியாதவராக இருந்தால் நல்லது. நான் என் அக்காவுக்கு வாசிப்பேன். சங்கம், பைப் எதிலும் அவளுக்கு அக்கறை கிடையாது. அவள் "எது?" என்று கேட்கிற இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன்.

தம்பிக்கும் இதைச் சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டார். அடுத்த மாதம் மழைநீர் வடிகாலுக்கு மறு ஓட்டெடுப்பாம். முதல் இரண்டு பத்தி தெளிவாக இருந்தது. மூன்றாவதில், "அந்த மூலையில தேங்குற தண்ணியை இப்படித் திருப்பிட்டா..." என்றார்.

"எந்த மூலை தம்பி?"

"அதான் சார், ஜெனரேட்டர் பக்கத்துல."

"அதை எழுதுங்க. எப்படித் திருப்பப் போறீங்க?"

பதில் இல்லை. பேனா உரசும் சத்தம் மட்டும் கேட்டது.