படியேறினால் முட்டி வலி: எனக்கு உதவியது

தருமபுரியில் எங்கள் வீடு மாடியில். அறுபதைத் தாண்டியபின், சமதரையில் வராத வலி படியேறும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் குத்தியது. மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கம், தொடைத் தசையும் தளர்ந்திருக்கிறது என்றார் பிசியோதெரபிஸ்ட்.

தொடைத் தசைக்கான பயிற்சி இது: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கடியில் சுருட்டி வைத்த துண்டை முட்டியாலேயே 5 விநாடி கீழே அழுத்தி, பிறகு தளர்த்த வேண்டும். காலையும் மாலையும் 10 முறை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆயின. உடனே உதவியது வேறொன்று: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஒரு கை எப்போதும் கைப்பிடியில்.

முட்டி திடீரென வீங்கிச் சூடாகச் சிவந்தாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ இந்தப் பயிற்சியை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.