வெள்ளரிப் பிஞ்சைக் கடித்ததும் தொண்டை நமநமக்கிறதா? மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் காரணத்தைக் கண்டறியும் முறை

உடுமலைக்குப் பக்கத்தில் வசிக்கும் என் சின்னம்மா மகள் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, வெள்ளரிப் பிஞ்சைக் கடிச்சா நாக்கும் தொண்டையும் நமநமங்குதுங்க, அரை மணி நேரத்துல தானா அடங்கீருது, மருந்தடிச்ச பிஞ்சா இருக்குமோ?" என்று கேட்டாள். ஒவ்வாமைப் பரிசோதனை அறையில் செவிலியராகப் பல ஆண்டுகள் நின்றவள் என்பதால், நான் முதலில் கேட்டது வெள்ளரியைப் பற்றி அல்ல, அவளுடைய மூக்கைப் பற்றி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கத் தொடங்கினால் அடுக்குத் தும்மலும் கண் அரிப்பும் அவளுக்கு ஐந்தாறு ஆண்டுகளாக இருந்தன. வெள்ளரி அரிப்பு வந்ததோ அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். மூக்கு முதலில், வாய் பிறகு என்ற இந்த வரிசையே இந்த நோயின் முதல் அடையாளம்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்வரும் படிகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. மகரந்தத்தில் உள்ள ஒரு புரதத்தை எதிரியாகப் பதிவு செய்துகொண்ட உடல், அதைப் பிடிப்பதற்கென்று ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளைச் செய்து வைத்திருக்கிறது. ஏறத்தாழ அதே உருவமுள்ள புரதம் சில காய்கனிகளிலும் இருப்பதால், அவை வாயில் பட்டவுடன் அந்த எதிர்ப்பொருள் ஏமாந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட புரதங்களில் ஒன்றான புரொஃபிலின் எல்லாத் தாவரங்களிலும் உண்டு. அது சூட்டில் சிதைந்துவிடும், இரைப்பை அமிலத்திலும் சிதைந்துவிடும். அதனால்தான் பச்சையாகத் தின்றால் அரிக்கிறது, வேகவைத்தால் அரிப்பதில்லை. அதனால்தான் அரிப்பு உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது.

இந்நோயைப் பற்றி வெளிநாட்டு நூல்களில் படிப்பவர்கள் பிர்ச் மரத்தையும் ஆப்பிளையுமே அதிகம் காண்பார்கள். அந்த மரம் நம் கொங்குச் சீமையில் இல்லை. இங்கே சந்தேகப்பட வேண்டியவை தரிசிலும் சாலையோரத்திலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமும் பலவகைப் புற்களும். பார்த்தீனியத்துக்கு நெருங்கிய உறவான ராக்வீட் என்னும் அமெரிக்கக் களையின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முலாம்பழம், தர்ப்பூசணி, வெள்ளரி, வாழை ஆகியவையும், புல் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தக்காளி, முலாம்பழம், ஆரஞ்சு ஆகியவையும் வாயை அரிக்கச் செய்வது நன்கு அறியப்பட்டது. ஆகவே நம் பட்டியல் ஆப்பிளில் தொடங்காமல் வெள்ளரியில் தொடங்குவது இயல்பே.

முதல் படி: அரிக்கும்போது செய்ய வேண்டியது

வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு, தண்ணீரால் நன்கு கொப்பளித்து, மணி பார்த்துக்கொண்டு உட்காருங்கள். சாதாரணமாக இந்த அரிப்பு தின்ற சில நிமிடங்களில் தொடங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாக அடங்கும். உதடு சற்றுத் தடித்தாற்போல் தோன்றலாம், காதுக்குள்ளும் நமைச்சல் எடுக்கலாம்.

ஆனால் குரல் கம்முதல், எச்சில் விழுங்க முடியாமை, மூச்சிறைப்பு, வாய்க்கு அப்பால் உடம்பில் தடிப்புகள், திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் அது வாயோடு நின்ற அரிப்பு அல்ல. அப்போது காத்திருந்து பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே அதற்கு மருந்து. வீட்டில் கிடக்கும் சளி மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. மகரந்த ஒவ்வாமையால் வாய் அரிப்பவர்களில் இந்த நிலைக்குப் போவோர் நூற்றில் ஓரிருவர்தான், ஆனாலும் அந்த ஓரிருவர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது.

இரண்டாம் படி: மூன்று வாரக் குறிப்பேடு

இதற்குப் பழைய பள்ளி நோட்டு ஒன்று போதும். பச்சையாகவோ சமைத்தோ காய்கனி உண்ணும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன தின்றீர்கள், பச்சையா வெந்ததா, தோலுடனா தோல் சீவியா, அரிப்பு எத்தனை நிமிடத்தில் வந்தது, எங்கே நின்றது, எப்போது அடங்கியது. இவற்றுடன் பெரும்பாலோர் விட்டுவிடும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று மூக்கு எப்படி இருந்தது என்பது ஒன்று, அன்று என்ன மாத்திரை விழுங்கினீர்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதன் காரணம் சற்றுப் பின்னால் வரும்.

குறிப்பெடுப்பதற்காக எதையும் வேண்டுமென்றே தின்று பார்க்காதீர்கள். நீங்கள் வழக்கமாக உண்பதையும் தற்செயலாக நேர்வதையும் எழுதினாலே போதும். முன்பு முகம் வீங்கியவர்களும், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களும், வேர்க்கடலையோ முந்திரியோ தின்று அரித்தவர்களும் குறிப்பேட்டோடு நின்றுகொள்ளாமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும், ஏனெனில் கொட்டை வகைகளின் புரதங்களில் பல, வறுத்தாலும் அழியாதவை.

மூன்றாம் படி: ஒரே காயைப் பச்சையிலும் வெந்ததிலும் ஒப்பிடுதல்

குறிப்பேட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதற்குத் தக்காளியைப் போல் வசதியான காய் வேறில்லை, ஏனென்றால் நம் வீடுகளில் அது நாள்தோறும் ரசத்தில் கொதிக்கிறது, எப்போதாவது வெங்காயத்தோடு பச்சையாகவும் நறுக்கப்படுகிறது. என் தங்கையின் நோட்டில் மூன்று வாரத்தில் வெள்ளரிப் பிஞ்சு நான்கு முறை, நான்கிலும் அரிப்பு. பச்சைத் தக்காளித் துண்டு ஒரு முறை, லேசான அரிப்பு. தக்காளி ரசம் பதினைந்து நாளுக்கு மேல், ஒரு நாள்கூட அரிப்பில்லை. தோல் சீவிய வெள்ளரியும் அரித்தது, ஆகவே தோலில் ஒட்டியிருந்த பூச்சிமருந்துதான் காரணம் என்ற அவளுடைய முதல் ஐயம் வலுவிழந்தது. புரொஃபிலின் தோலில் மட்டுமின்றிச் சதையிலும் இருப்பதால் சீவுவதால் பெரிய பயன் வரவில்லை.

வெந்ததும் அரித்திருந்தால் கதை வேறாகியிருக்கும். சூட்டையும் அமிலத்தையும் தாங்கும் வேறொரு புரத வகை உண்டு. பீச், ஆப்பிள் போன்றவற்றின் தோலில் அது மிகுதி. அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வாய் அரிப்பு ஒரு தொடக்கம் மட்டுமாகவே இருக்கக்கூடும். "வெந்ததும் அரிக்கிறது" என்று நோட்டில் ஒரு வரி விழுந்தாலும் அதுவே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம்.

நான்காம் படி: போலிகளை விலக்குதல்

அன்னாசியின் செரிமானப் புரதம் யாருடைய நாக்கையும் எரிக்கும். சேனையிலும் சேம்பிலும் உள்ள ஊசி போன்ற படிகங்கள் சரியாக வேகாதபோது யாருடைய தொண்டையையும் குத்தும். இவற்றைக் கண்டுகொள்வது எளிது: பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் அரித்தால் அது ஒவ்வாமை அல்ல. மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோவது சில நிமிடங்களில் வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துப் புண்ணாக வரும். வாழையும் பப்பாளியும் அரிப்பவர், ரப்பர் கையுறை போட்டாலும் கை அரிக்கிறது என்றால், அது மகரந்தத்தைவிட ரப்பர் பாலின் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை மருத்துவமனையில் வேலை செய்யும் பெண்களிடம் நான் கண்டிருக்கிறேன்.

மாத்திரையை ஏன் எழுதச் சொன்னேன்

மூன்றாம் வாரத்தில் என் தங்கைக்கு நெஞ்செரிச்சல் வந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரையை நான்கு நாள் தொடர்ந்து போட்டாள். நான்காம் நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய குவளை முலாம்பழச் சாற்றை வேகமாகக் குடித்தாள். முன்பு இரண்டு முறை அதே பழத்தைத் துண்டு துண்டாகத் தின்றபோது நாக்கு மட்டும் அரித்திருந்தது. இம்முறை உதடு வீங்கி, கழுத்திலும் தடிப்புகள் எழுந்தன. அருகில் இருந்த மருத்துவமனையில் ஊசி போட்டு, சில மணி நேரம் கண்காணித்து அனுப்பினார்கள்.

நடந்ததைப் பிரித்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்திருப்பது தெரியும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, இரைப்பையில் சிதைய வேண்டிய புரதத்தைச் சிதையாமல் உள்ளே விட்டது. சாறாக்கியதால், மென்று தின்றிருந்தால் இரண்டாம் துண்டிலேயே அரித்து நிறுத்தியிருக்கக்கூடிய பழம், எச்சரிக்கை எட்டும் முன்பே முழுதாக உள்ளே போய்விட்டது. வெறும் வயிற்றில் அது விரைவாக உறிஞ்சப்பட்டது. தின்றவுடன் ஓடுவதும், மது அருந்துவதும், சில வலி மாத்திரைகளும் இதே போன்ற வேலையைச் செய்யும். வாய் அரிக்கும் பழம் எதையும் பச்சைச் சாறாகக் குடிக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: மருத்துவரிடம் நோட்டோடு போதல்

தோலில் துளி வைத்துக் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு முன் சளி, அரிப்பு மாத்திரைகளைச் சில நாள்கள், வழக்கமாக ஒரு வாரம் வரை, நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் தடிப்பே எழாமல் முடிவு பொய்யாகிவிடும். பதினைந்து இருபது நிமிடம் கழித்து, வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் அதை எதிர்வினை என்று கொள்வார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புட்டியில் வரும் பழச்சாரத்தில் இந்த மெல்லிய புரதங்கள் தயாரிப்பின்போதே சிதைந்துபோவதால், ஒவ்வாமை இருந்தும் இல்லையென்று காட்டலாம். அதனால் அரித்த காயையே ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். முதலில் காயையும், பின் அதே ஊசியால் தோலையும் குத்திப் பார்ப்பார்கள். என் தங்கைக்குப் பார்த்தீனியமும் புல் மகரந்தமும் தடித்தன. முலாம்பழத்தின் புட்டிச் சாரம் தடிக்கவில்லை, ஆனால் வீட்டிலிருந்து கொண்டுபோன பழமும் வெள்ளரியும் தடித்தன.

நூறு உணவுகளுக்கு ஒரே இரத்தச் சோதனை என்று விற்கப்படும் ஐஜிஜி பட்டியல்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு பொருளை நீங்கள் உண்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்லும், ஒவ்வாமையைச் சொல்லாது.

எதை விட வேண்டும்

அரித்ததை, அதுவும் அரித்த வடிவத்தில் மட்டும் விட்டால் போதும். வாழைப்பழம் பட்டியலில் இருக்கிறதே என்று, ஒருநாளும் அரிக்காத பூவனையும் நேந்திரனையும் ஒதுக்குவது வீண். சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அரிக்கும் பழத்தைத் தின்பதையும் நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் அது எச்சரிக்கையை மட்டும் அடக்கும். மகரந்தத்துக்கு எதிராகப் போடப்படும் ஒவ்வாமை ஊசிகள் மூக்கைச் சரிசெய்தாலும், வாய் அரிப்பை நிறுத்தும் என்று உறுதி கொடுக்க முடியாது.

என் தங்கை இப்போது முலாம்பழத்தை முழுதாக விட்டுவிட்டாள், அட்ரினலின் ஊசியைப் பற்றி மருத்துவர் சொன்னதையும் கேட்டு வைத்திருக்கிறாள். கேஸ் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் போடுவதில்லை. வெள்ளரி அவள் வீட்டில் மோர்க்குழம்பில் வேகிறது, தக்காளி ரசத்தில் கொதிக்கிறது, செவ்வாழை தினமும் ஒன்று போகிறது.