சாப்பிட்டபின் உடல்நிலை சரியில்லை என்று வாடிக்கையாளர் அழைத்தால் என்ன செய்வது?

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு சிறிய மெஸ் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மதியம் ஒரு மணிக்கு எலுமிச்சை சாதப் பார்சல் சாப்பிட்ட ஒருவர், மாலை ஐந்து மணிக்கு அழைத்து, மூன்றரையிலிருந்து வாந்தி எடுப்பதாகச் சொல்கிறார்.

முதலில் அவருடைய உடல்நிலையைக் கேளுங்கள். "இப்ப எப்படி இருக்கீங்க ஐயா, தண்ணீராவது வயிற்றில் தங்குகிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" என்பதே முதல் கேள்வி. தண்ணீர்கூடத் தங்கவில்லை, மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவு என்றாலோ, பாதிக்கப்பட்டவர் குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றாலோ உடனே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்; மயக்கம் இருந்தால் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். மாத்திரையின் பெயர் எதையும் நீங்கள் சொல்லக் கூடாது.

அடுத்து, "எங்கள் சாப்பாட்டில் அப்படி இருக்காது" என்று மறுக்கவும் வேண்டாம், "எங்கள் தவறுதான்" என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். காரணம் இன்னும் உங்களுக்கே தெரியாது. "சொன்னதற்கு நன்றி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு இப்போதே பார்க்கிறேன்" என்பது போதும். வெளியில் சொல்லாமலிருக்கப் பணம் தருவதாகப் பேசுவது மிகத் தவறு.

பேசும்போதே நோட்டில் எழுதுங்கள்: பெயர், தொலைபேசி எண், என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார், முதல் அறிகுறி எத்தனை மணிக்கு வந்தது, உடன் சாப்பிட்ட மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள், முந்தைய மூன்று நாளில் வேறு எங்கெல்லாம் சாப்பிட்டார். இவற்றில் நேரமே மிக முக்கியம். இங்கே இடைவெளி இரண்டரை மணி நேரம். உணவிலேயே நச்சு உருவாகியிருந்தால் வாந்தி இவ்வளவு விரைவில் வரலாம். சோற்றில் வளர்ந்து நச்சை உருவாக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதற்கு ஓர் உதாரணம். சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவால் அறிகுறி வரப் பொதுவாக ஆறு மணி நேரமாவது ஆகும், சில சமயம் சில நாள்களும் ஆகும் என்பதால், கடைசியாகச் சாப்பிட்டதே காரணம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. நேரம் ஒரு தடயம் மட்டுமே. ஆய்வகச் சோதனைதான் உறுதி செய்யும்.

தொலைபேசியை வைத்ததும் அந்தச் சாதத்தின் விற்பனையை நிறுத்துங்கள். மீதியைக் கொட்டிவிடாமல், சுத்தமான மூடிய டப்பாவில் எடுத்து, "விற்கக் கூடாது" என்று தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே தனியாக வையுங்கள். உறைய வைக்க வேண்டாம்.

பிறகு சமையலறைப் பதிவைப் பாருங்கள். சோறு காலை ஆறு மணிக்கு வடித்து, பதினொன்று வரை அண்டாவிலேயே ஆறவிடப்பட்டிருந்தால் சந்தேகம் அங்கே வலுக்கிறது. அதன்பின் தாளித்துச் சூடாக்கியிருந்தாலும் பாசில்லஸ் சீரியஸின் அந்த வாந்தி நச்சு அழியாது. அன்று சமைத்தவர்களுக்கு வயிற்றுக் கோளாறோ கையில் புண்ணோ இருந்ததா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

அதே சாதத்தைச் சாப்பிட்ட இன்னொருவரும் அழைத்தால் காத்திருக்காமல் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவியுங்கள். பதிவில் எதையும் அழிக்கக் கூடாது. திருத்த வேண்டுமென்றால் ஒரு கோடிட்டு, பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுநாள் காலை நீங்களே அந்த வாடிக்கையாளரை அழைத்து, மருத்துவர் சொன்னதைக் கேட்டு, அதே பக்கத்தில் நேரத்துடன் சேர்த்துவிடுங்கள்.