கன்வேயரில் சிக்கிய பெட்டி: நான்கு நிமிடப் பாதுகாப்பு வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் முறை

ஒரு வீடியோவுக்கு ஒரு ஆபத்து போதும். ஹெல்மெட், தீயணைப்பான், ரசாயனம் என்று எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது. இங்கே நாம் எடுத்துக்கொள்வது, கன்வேயரில் சிக்கிய பெட்டியை எடுக்கும் வேலை.

1. சரியான வரிசையை முதலில் எழுதுங்கள்

மெஷின் பக்கத்தில் நின்று, மெக்கானிக்கைக் கேட்டு எழுதுங்கள். சுற்றி இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டு மெஷினை நிறுத்த வேண்டும். மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, பெயர் எழுதிய டேக்கை மாட்ட வேண்டும். சிலிண்டரில் தங்கிய காற்றழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். தவறான ஸ்விட்சைப் பூட்டியிருந்தால் அது இங்கேதான் தெரியும். ஆனால் எமர்ஜென்சி பட்டன் அழுத்தியபடியே இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்: மெஷின் ஓடாததற்கு அந்தப் பட்டன்தான் காரணமாக இருக்கும். அதனால் ஆட்களை விலக்கி, அதை விடுவித்துவிட்டுச் சோதிப்பதை குளோசப்பில் காட்டுங்கள்.

2. காட்சிகளை எழுதுங்கள்

> காட்சி: பெட்டி சிக்கியிருக்கிறது. ஆபரேட்டர் எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டுக் கையை நீட்டுகிறார்.
> மெக்கானிக்: "தம்பி, கையை எடு! பூட்டு எங்கே?"
> ஆபரேட்டர்: "எமர்ஜென்சி அழுத்திட்டேனே அண்ணே. லைன் நிக்குது, சூப்பர்வைசர் கேட்பாரு."
> மெக்கானிக்: "அந்தப் பக்கம் இருக்கிறவன் அதை விடுவிச்சு ஸ்டார்ட் பண்ணிட்டா?"

தவறு செய்பவரை முட்டாளாகக் காட்டாதீர்கள். லைன் நிற்கிறதே என்ற அவசரம்தான் கையை உள்ளே இழுக்கிறது. அது வசனத்தில் வரட்டும். ரத்தம் தேவையில்லை, பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டாவது காட்சி சிறியது: இருவர் வேலை செய்கிறார்கள், பூட்டு ஒன்றுதான். பூட்டியவர் தன் வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போகிறார். மற்றவர் இன்னும் உள்ளே குனிந்திருக்கிறார்.

தவறான செயலைப் படமெடுக்கும்போதும் மெஷின் பூட்டியே இருக்க வேண்டும். பெல்ட் ஓடுவதைத் தனியாக எடுத்து எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

3. கடிகாரம் வைத்து வாசியுங்கள்

வசனத்தைச் சத்தமாகப் படியுங்கள். பூட்டு மாட்டும் நேரத்தில் பேச்சே வேண்டாம், கைகள் தெரிந்தால் போதும். நான்கு நிமிடம் தாண்டினால் முன்னுரையை வெட்டுங்கள்.

4. வினாடி வினா

மூன்று கேள்விகள் போதும். சுருக்கெழுத்தின் விரிவாக்கத்தைக் கேட்பதில் பயனில்லை; சூழ்நிலையைக் கேளுங்கள். தவறான விடைகள் தளத்தில் நிஜமாகவே நடக்கும் பழக்கங்களாக இருக்கட்டும்.

> ஒருவர் ஏற்கெனவே பூட்டிய மெஷினில் நீங்களும் வேலை செய்யப் போகிறீர்கள். என்ன செய்வீர்கள்?
> அ. அவர் பூட்டே போதும்
> ஆ. என் பூட்டையும் மாட்டுவேன்
> இ. அவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவேன்

பத்து வினாடி இடைவெளி விட்டு, விடையைக் காரணத்தோடு சொல்லுங்கள்: "ஆ. உங்கள் பூட்டு இருக்கும்வரை வேறு யாரும் மெஷினை ஓட்ட முடியாது."

முதலில் ஒரு ஷிஃப்டுக்குப் போட்டுக் காட்டுங்கள். பலர் 'இ' என்றால் இரண்டாவது காட்சி புரியவில்லை என்று அர்த்தம். கேள்வியை விட்டுவிட்டு அந்தக் காட்சியைத் திருத்துங்கள்.