வேலை அட்டவணை ஏன் பாதியில் செத்துப்போகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலபோகம் தொடங்குமுன் கமக்காரர் அமைப்புகள் கூட்டம் வைக்கும். பத்துப் பதினைந்து வேலைகள் பிரியும். யாராவது ஒருவர் கூகுள் ஷீற்றில் அட்டவணை போட்டு வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்புவார். இரண்டு கிழமை கழித்துத் திறந்தால் கூட்ட நாளில் இருந்தபடியே இருக்கும். ஆட்கள் பஞ்சிப்பட்டதுதான் காரணம் என்று சொல்வது லேசு. ஆனால் பெரும்பாலும் பிழை அட்டவணையின் அமைப்பில்தான் இருக்கிறது.

ஒரு சிறிய குளத்தை உதாரணமாக எடுப்போம். துருசுக் கதவு பழுது, வாய்க்காலில் பற்றை மண்டிக் கிடக்கிறது, மழைக்கு முன் இரண்டையும் முடிக்க வேண்டும். அட்டவணையில் ஏழு நிரல்கள் போதும்: A எண், B வேலை, C பொறுப்பாளர், D காலக்கெடு, E நிலை, F எதற்குக் காத்திருக்கிறது, G சரிபார்ப்பு. அதற்கு மேல் போனால் தொலைபேசித் திரையில் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டி வரும். வயலில் நின்றுகொண்டு அந்த வேலையை ஒருவரும் செய்யமாட்டார்கள்.

முதல் தவறு பொறுப்பாளர் நிரலில். “வாய்க்கால் குழு”, “எல்லோரும்”, “கமநல சேவை நிலையம்” என்று எழுதிவிடுவார்கள். குழு என்று எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார். கமநல சேவை நிலையம் என்று எழுதினால் நிலை இன்னும் மோசம், ஏனென்றால் அங்குள்ள உத்தியோகத்தர் உங்கள் அட்டவணையைத் திறக்கப்போவதே இல்லை. கதவை மாற்றுவது அவர்கள் வேலையாக இருக்கலாம். ஆனால் கடிதம் கொடுத்து, பதில் வரும்வரை போய்ப்போய்க் கேட்பது உங்கள் ஆள் ஒருவரின் வேலை. அந்த ஒருவரின் பெயர்தான் C நிரலுக்குரியது. உதவிக்குப் போகும் மற்றவர்களின் பெயர்கள் வேண்டுமென்றால் B நிரலில், வேலை விவரத்தோடு இருக்கட்டும்.

B நிரலில் “வாய்க்கால்” என்று ஒற்றைச் சொல் போடுவதும் இதே வகைப் பிழைதான். “துருசிலிருந்து முதல் மதகு வரை பற்றை வெட்டி மண் அள்ளுதல்” என்று எழுதினால், முடிந்ததா இல்லையா என்று யார் போய்ப் பார்த்தாலும் ஒரே பதில்தான் வரும்.

காலக்கெடு நிரலில் இருக்கும் பொறி கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் 10/09/2026 என்று எழுதினால் செப்டெம்பர் 10. ஷீற்றின் இட அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் அது ஒக்டோபர் 9 என்று எடுத்துக்கொள்ளும். செப்டெம்பரில் முடிய வேண்டிய வேலை ஒரு மாதம் பிந்தியதாகத் தெரியாமலே இருக்கும், அதற்குள் மழை இறங்கிவிடும். 15/09/2026 என்று எழுதினால் பதினைந்தாம் மாதம் இல்லாததால் அதைத் திகதியாகவே எடுக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கலத்தின் சீரமைப்பை நீங்கள் மாற்றாதிருந்தால் உண்மைத் திகதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப் போனது இடப்பக்கம் நிற்கும். `File > Settings > Locale` இல் United Kingdom என்பதைத் தெரிவுசெய்யுங்கள், அல்லது 2026-09-15 என்ற வடிவில் எழுதுங்கள்.

நிலை நிரலுக்கு நான்கு சொற்கள் போதும்: தொடங்கவில்லை, நடக்கிறது, தடைப்பட்டது, முடிந்தது. இவற்றை விழுபட்டியலாக வையுங்கள். தட்டச்சுச் செய்ய விட்டால் ஒருவர் “முடிஞ்சுது” என்பார், இன்னொருவர் “ஓகே” என்பார், சூத்திரத்துக்கு இரண்டும் விளங்காது. 60 வீதம், 80 வீதம் என்று கேட்பதை விட்டுவிடுங்கள், அது பொய் சொல்லப் பழக்கும். “பிந்தியது” என்பதையும் நிலையாக வைக்க வேண்டாம். தான் பிந்திவிட்டேன் என்று யார் தன் கையால் தெரிவுசெய்வார்? அதை ஷீற்றே பார்க்கட்டும். நிபந்தனை வடிவமைப்பில் இதைக் கொடுத்துச் சிவப்பு நிறம் வையுங்கள்:

```
=AND($D2<>"",$D2<TODAY(),$E2<>"முடிந்தது")
```

எழுத்தாகிப் போன திகதி இந்தச் சூத்திரத்தில் ஒருபோதும் சிவப்பாகாது. அதனால்தான் முதலில் திகதிகளைச் சரிபார்க்கச் சொன்னது.

அதிகம் சொதப்புவது F நிரலில்தான். “கடிதத்துக்குப் பதில் வந்ததும்” என்று வசனமாக எழுதினால், எந்தக் கடிதம், அது யார் பொறுப்பு என்று மறுபடி தேட வேண்டும். காத்திருக்கும் வேலையின் எண்ணை மட்டும் எழுதுங்கள். அந்த எண் A நிரலில் கையால் எழுதியதாக இருக்க வேண்டும். ஷீற்றின் ஓரத்தில் தெரியும் வரிசை எண்ணை நம்பினால், யாரோ திகதிப்படி வரிசைப்படுத்திய அன்றே எல்லாம் இடம் மாறிவிடும். கைவிட்ட வேலையின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கவும் கூடாது.

நம் குளத்தில் 7ஆம் வேலை, கதவு மதிப்பீட்டுக்குக் கடிதம் கொடுத்துப் பதில் எடுத்தல், காலக்கெடு செப்டெம்பர் 12. 9ஆம் வேலை, கதவு மாற்றுதல், காலக்கெடு செப்டெம்பர் 10, அது 7க்குக் காத்திருக்கிறது. கூட்டத்தில் தனித்தனியாகத் திகதி கேட்டு எழுதியதால் வந்த முரண் இது. பதினைந்து வேலைக்குள் கண்ணால் பார்த்து இதைப் பிடிப்பது கடினம். G2 இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிட்டால் ஷீற் பிடித்துத் தரும்:

```
=IF(F2="","",IF(XLOOKUP(F2,A:A,E:E)="முடிந்தது","தொடங்கலாம்",IF(XLOOKUP(F2,A:A,D:D)>D2,"திகதி முரண்","காத்திரு")))
```

G நிரலில் `#N/A` வந்தால் F இல் உள்ள எண் A நிரலில் இல்லை என்று அர்த்தம். முடிந்த வேலைகளை வேறு தாளுக்கு நகர்த்தினாலும் இதே கதிதான். நகர்த்தாமல் வடிகட்டி மறைத்துவிடுங்கள். ஒரு கலத்தில் ஒரு எண் மட்டுமே வேலை செய்யும். இரண்டுக்குக் காத்திருந்தால் பிந்தி முடியக்கூடியதை எழுதுங்கள்.

ஆளில்லாத தடைகளும் உண்டு. குளத்துத் தண்ணீர் துருசு வாயிலுக்குக் கீழே இறங்காமல் கதவைக் கழற்ற முடியாது. “தண்ணீர் வற்ற வேண்டும்” என்று குறிப்பெழுதி விடாமல் அதையும் ஒரு வேலையாக்குங்கள்: 8, திங்கட்கிழமைதோறும் நீர்மட்டம் பார்த்து, வாயிலுக்குக் கீழே இறங்கியதும் குழுவில் அறிவித்தல். அதற்கும் ஓர் ஆள், ஒரு திகதி. கடிதம் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, எனவே 7இன் F வெறுமை. பதிலைவிடத் தண்ணீர்தான் பிந்தும் என்றால் 9இன் F இல் 8 என்று மாற்றுங்கள். அதற்காக எல்லா வேலைக்கும் F இல் ஏதாவது எழுத வேண்டும் என்றில்லை. பற்றை வெட்டுவதற்குக் கதவு தேவையில்லை, “கதவு முடியட்டும் பார்ப்போம்” என்பது சாட்டு.

இனி, யார் இற்றைப்படுத்துவது? எல்லோரும் திறந்து மாற்றுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒருவர் கையில் கொடுங்கள். பொறுப்பாளர்கள் அவருக்கு வாட்ஸ்அப்பில் “9 நடக்கிறது” என்று ஒரு குரற்பதிவு அனுப்பினால் போதும். கூட்டம் அட்டவணையோடு தொடங்கட்டும், சிவப்பானவையும் அடுத்த 14 நாளில் முடிய வேண்டியவையும் மட்டும். திரைப்பிடிப்பு எடுத்துக் குழுவில் போடுவதானால் தலைப்பில் அன்றைய திகதி தெரிய வேண்டும். இல்லாவிட்டால் போன மாதப் படத்தைப் பார்த்துவிட்டு யாராவது பெக்கோ இயந்திரத்துக்கு முற்பணம் கட்டிவிடுவார்.