நோக்க அறிக்கையில் ஒரு பத்தி: நான்கு நாள் போராட்டம்

வெளிநாட்டு முதுகலை விண்ணப்பத்துக்கான நோக்க அறிக்கையில் என் படமேம்பாட்டு புராஜெக்ட் பற்றிய பத்தி நான்கு நாட்களைத் தின்றது. படித்த மூன்று பேரும், "சரி, இதில் நீ என்ன செய்தாய்?" என்றே கேட்டார்கள்.

முதலில் அல்காரிதம் பெயர்களைக் கூட்டினேன். பத்தி பாடப்புத்தகம் போல ஆனது. அப்புறம் படத்தின் தரத்தை அளக்கும் பி.எஸ்.என்.ஆர். மதிப்புகளைச் சேர்த்தேன். அதே கேள்விதான் வந்தது.

வாக்கியங்களின் எழுவாய்களை மட்டும் அடிக்கோடிட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. "கிளாஹே மாறுபாட்டை உயர்த்துகிறது", "ஹிஸ்டோகிராம் சமனாகிறது" என எல்லாவற்றையும் அல்காரிதமே செய்துகொண்டிருந்தது. "நான்" ஒரு இடத்திலும் இல்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரே ஒரு இரவுப் படத்தில் வந்த பிழையை எழுதினேன். கிளாஹே மாறுபாட்டை எவ்வளவு உயர்த்தலாம் என்று வரம்பு வைக்கும் `clipLimit`, ஓபன்சிவி நிரல் நூலகத்தில் இயல்பாக 40. அதை அப்படியே விட்டதால் இருண்ட வானமெங்கும் புள்ளி புள்ளியாக இரைச்சல். வானப் பகுதியில் பிக்சல்கள் ஏறக்குறைய ஒரே மதிப்பில் குவிந்திருப்பதால், அங்கே சிறு இரைச்சலும் பெரிதாக இழுக்கப்படுகிறது. நான் அதை 2 ஆகக் குறைத்தேன். ஆர்.ஜி.பி. சேனல்களைத் தனித்தனியே திருத்தியதில் நிறமும் மாறியிருந்தது, அதனால் வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து வைக்கும் லேப் வண்ணவெளிக்கு மாற்றி, வெளிச்சத்துக்கான எல் சேனலை மட்டும் திருத்தினேன். இரைச்சல் முழுதாகப் போகவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதி, மேற்படிப்பில் படிக்க விரும்பும் இரைச்சல் நீக்கத்தோடு அங்கேயே இணைத்தேன்.

பத்தி பாதியாகச் சுருங்கியது. அதே மூவரிடம் மறுபடி கொடுத்தேன். இந்த முறை ஒருவர், "ஏன் 2, ஏன் 3 இல்லை?" என்று கேட்டார். அப்பாடா என்றிருந்தது.